மைப்படியில் எழுத்து பிரிய மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்வெட்டுப் படி எடுப்பவர்கள் ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். ஓரளவு காய்ந்ததும் மை தோய்ந்த துணிப்பொதியால் மேலே ஒற்றுவார்கள். கல்லின் மேல்தளம் முழுக்கக் கறுப்பாகிவிடும். பள்ளத்தில் இறங்கிய தாளில் மை படாது, அதனால் எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி.

கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் எழுத்து, போட்டோ எடுத்துக் கணினியில் பிரிக்கப் போனால் பிடி கொடுக்காது. கல்லின் சொரசொரப்பும் மையோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். தாள் பழுத்திருக்கும், மை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். எழுத்தின் வால்களோ மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு கோயில் அதிட்டானத்திலிருந்து எங்கள் சிறு குழு பல வருடங்களுக்கு முன் எடுத்த படியை. அகலம் 60 செ.மீ., எழுத்தின் உயரம் சுமார் 4 செ.மீ. முதல் வரி ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்குகிறது. போனில் 4000 பிக்சல் அகலத்துக்கு எடுத்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 6 பிக்சலுக்குச் சற்று மேல் வருகிறது. தடித்த கோடுகள் 20 பிக்சல், மெல்லியவை 6 பிக்சல். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இரண்டு மீட்டர் நீளப் படியை ஒரே போட்டோவில் அடைத்தால் மெல்லிய கோடு 2 பிக்சலாகிவிடும். அதை எந்த மாஸ்க்காலும் மீட்க முடியாது. துண்டு துண்டாக எடுப்பதுதான் வழி.

மென்பொருள் கிம்ப், 2.10 பதிப்பு. மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே தருகிறேன்.

அறிகுறி: எழுத்தும் கறையும் ஒரே வெளுப்பில் தெரிகின்றன

படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பழுத்த தாளின் எழுத்து சாம்பலாகிவிடுகிறது, தண்ணீர்க் கறை பட்ட இடத்தில் எழுத்தே மங்கிவிடுகிறது. பலர் இந்த இடத்தில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுவார்கள். அதற்கு முன் சேனல்களைப் பிரித்துப் பாருங்கள். `Colors > Components > Decompose` போய் RGB என்று தேர்ந்தெடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி அடுக்காக வரும்.

என் படத்தில் கலர் பிக்கர் வைத்துப் பார்த்ததில், தாளின் மதிப்பு சிவப்பில் 214, பச்சையில் 190, நீலத்தில் 148. மையின் மதிப்பு மூன்றிலும் 55 முதல் 58க்குள்தான். அதாவது எழுத்துக்கும் மைக்கும் உள்ள இடைவெளி சிவப்பில் 156, நீலத்தில் வெறும் 93. காரணம் எளிது. பழுத்த தாள் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. மை நடுநிலைக் கறுப்பு, அது எல்லாவற்றையும் சமமாக விழுங்குகிறது. பழுப்புக் கறையும் பழுத்த தாளின் உறவுக்காரன்தான் என்பதால், சிவப்புச் சேனலில் கறையின் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடும். நீலச் சேனலைப் பார்த்தால் கறை கன்னங்கரேலென்று நிற்கும்.

ஆகவே தொடக்கம் சிவப்பு. புதுத்தாளில் எடுத்த படிக்கு இந்த விதி பொருந்தாது. வெள்ளைத் தாளில் மூன்று சேனலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அங்கே பச்சையை எடுப்பேன். ஏன் பச்சை என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: சிவப்புச் சேனலில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி இருக்கிறது

நூறு சதவீதத்தில் பார்க்கும்போது ஒழுங்காக இருந்த கோடு, நானூறில் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைகிறது. தடித்த கோட்டுக்கு இது பெரிதில்லை. மெல்லிய வாலுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

குற்றவாளி பெரும்பாலும் ஜேபெக். பெரும்பாலான போன்கள் ஜேபெக் எழுதும்போது ஒளியின் அளவை முழு நுணுக்கத்தோடும், நிறத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதி நுணுக்கத்தோடும்தான் சேமிக்கின்றன. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதால் செய்யும் சிக்கனம் அது. சேனலைத் தனியாகப் பிரிக்கும்போது அந்தப் பாதி நுணுக்கம் வெளியே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கேமரா சென்சாரிலேயே பச்சைக்குப் பாதிப் புள்ளிகளும் சிவப்புக்கும் நீலத்துக்கும் கால்வாசிப் புள்ளிகளும்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எனவே ஓரம் கூர்மையாக வேண்டுமென்றால் பச்சை, கறை போக வேண்டுமென்றால் சிவப்பு என்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

நல்ல தீர்வு, ரா கோப்பாக எடுத்து டிஃப்பாக மாற்றிக்கொள்வது. போட்டோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, படியும் இப்போது கையில் இல்லை என்றால் இரண்டையும் கலக்க வேண்டியதுதான். பிரிக்காத மூலப் படத்தின் அடுக்கை நகலெடுத்து `Colors > Components > Mono Mixer` திறந்து சிவப்பு 0.6, பச்சை 0.4, நீலம் 0 என்று வையுங்கள். கறை கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் படிக்கட்டு அடங்கிவிடும். கறையே இல்லாத பகுதியில் பாதிக்குப் பாதி வைக்கலாம். செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்த படத்தை எடுத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள். அது சுருக்கப்பட்டதன் மேல் மீண்டும் சுருக்கப்பட்டது. எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: முத்திரை விழுந்த இடத்தில் எழுத்து காணாமல் போகிறது

எங்கள் படியின் வலது கீழ் மூலையில் குழுவின் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. ஊதா மை. எழுத்தின்மேல் ஸ்டாம்பு குத்தியது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊதா மை பச்சை ஒளியை நன்றாக விழுங்கும், சிவப்பை ஓரளவு விழுங்கும், நீலத்தைத்தான் அதிகம் விடும். எனவே மற்ற இடமெல்லாம் ஒதுக்கி வைத்த நீலச் சேனல் இந்த மூலையில் மட்டும் உதவிக்கு வருகிறது.

நீல அடுக்கை மேலே வைத்து, அடுக்கின் முறையை `Lighten only` ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, ஸ்டாம்பு விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறந்துவிட்டால் போதும். நீலச் சேனலில் இரைச்சல் அதிகம், தாளும் அதில் மங்கல். அதனால் சுற்றியுள்ள எழுத்தின் வெளுப்போடு பொருந்த அதை முதலில் `Levels` வைத்துக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு படத்துக்கு ஒரே சேனல் என்று கட்டாயமில்லை.

அறிகுறி: இடப்பக்கம் எழுத்து தெரியும்போது வலப்பக்கம் இல்லை, வலப்பக்கம் கொண்டுவந்தால் இடப்பக்கம் மையே வெள்ளையாகிறது

சன்னல் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்த போட்டோவில் இது கட்டாயம் வரும். என் படத்தில் இடப்பக்கத்து மை 62, எழுத்து 216. வலப்பக்கத்து மை 34, எழுத்து 140. இதைப் பார்த்தால் 100 என்று ஒரு எல்லை வைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் இடப்பக்கத்தில் மை சரியாக ஒற்றாத திட்டுகள் 105 வரை ஏறுகின்றன. வலப்பக்கத்து மெல்லிய கோடுகளோ 99இல்தான் நிற்கின்றன. ஒரே எல்லை இரண்டு பக்கத்துக்கும் சரிவராது.

இந்தக் கோளாறுக்கு எங்கே கேட்டாலும் ஒரு மருந்து சொல்வார்கள்: படத்தை நகலெடுத்து நன்றாக மங்கலாக்கி, `Divide` முறையில் மேலே வை. நானும் கேட்டு வைத்தேன். படம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பிறகுதான் உறைத்தது, அது வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கான மருந்து. அங்கே பின்னணியைப் பின்னணியால் வகுத்தால் ஒன்று வரும், ஒன்று என்றால் வெள்ளை, தாள் வெள்ளையாக வேண்டும், சரி. நம் படத்தில் பின்னணி மை. மையை மையால் வகுத்தாலும் ஒன்றுதான். கறுப்பாக இருக்க வேண்டியது வெள்ளையாகிவிடும், எழுத்து அதற்கும் மேலே போய் வெட்டுப்படும்.

நமக்கு வேண்டியது கழித்தல். மையின் அளவை ஒவ்வொரு இடத்திலும் கணித்து, படத்திலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். மையின் அளவைக் கணிக்க வெறும் காசியன் மங்கல் சரிப்படாது. எழுத்தின் வெள்ளையும் அதில் கலந்துவிடும், எழுத்து நெருங்கிய இடத்தில் பின்னணி அதிகமாகக் கணிக்கப்படும், கழித்த பின் அந்த எழுத்துகள் மங்கும். நான் செய்வது இது. அடுக்கை நகலெடுத்து `Filters > Blur > Median Blur`, `Neighborhood` `Square`, `Radius` 60, `Percentile` 30. அதாவது 121 பிக்சல் சதுரத்துக்குள் உள்ள புள்ளிகளை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசைப்படுத்தி, முப்பதாவது சதவீதத்தில் நிற்பதை எடுத்துக்கொள்கிறோம். எழுத்துக் கோடுகள் அந்தச் சதுரத்தில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை, ஆகவே முப்பதாவது இடத்தில் நிற்பது மைதான். வடிகட்டி மெதுவாகத்தான் ஓடும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்க்கும்போது அந்த அடுக்கில் எழுத்தின் நிழல்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் `Radius`ஐக் கூட்டுங்கள்.

இனி அந்த அடுக்கை `Subtract` முறைக்கு மாற்றுங்கள். முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன பொத்தானில் `Legacy` தொகுதிக்கு மாறிக்கொண்டால், கலர் பிக்கரில் பார்த்த எண்களே நேரடியாகக் கழியும். வழக்கமான தொகுதியில் கிம்ப் வேறு அளவீட்டில் கணக்குப் போடும், எண்கள் ஒத்துப்போகாது. கழித்த பிறகு என் படத்தில் மை இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிட்டது. எழுத்து இடப்பக்கம் 154, வலப்பக்கம் 106. வலப்பக்கத்து மெல்லிய கோடு 65. இடப்பக்கத்துத் திட்டு 43. ஆக, 43க்கும் 65க்கும் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு இடைவெளி கிடைத்துவிட்டது. சின்ன இடைவெளிதான், ஆனால் இதற்கு முன் அதுவும் இல்லை.

பளபளப்பு வேறு விஷயம். மை மினுங்கி வெள்ளையான இடத்தில் தகவலே இல்லை, கழிக்க எதுவுமில்லை. இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து மீண்டும் எடுங்கள்.

அறிகுறி: மாஸ்க் போட்டதும் மெல்லிய கோடுகள் அறுந்துபோகின்றன

அதிகம் பேர் இடறி விழுவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒளிர்வு மாஸ்க் என்பது படத்தின் வெளுப்பையே மாஸ்க்காக வைப்பது. எந்தப் புள்ளி எவ்வளவு வெளுப்போ அவ்வளவு திறக்கும். கறுப்பு மூடும், வெள்ளை திறக்கும், சாம்பல் பாதி திறக்கும். முதல் மாஸ்க்கில் மையும் கொஞ்சம் கலந்து வருவதால், அதைக் கூர்மையாக்க ‘பிரகாசம்’, ‘அதிப் பிரகாசம்’ என்று அடுத்தடுத்த மாஸ்க்குகளை உண்டாக்கச் சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஃபோட்டோஷாப்பை வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஒரு தேர்வை அதனோடேயே வெட்டினால் மதிப்புகள் பெருக்கப்படும். 0.6 உள்ள புள்ளி 0.36 ஆகும், 0.4 உள்ளது 0.16 ஆகும். மங்கும், ஆனால் சாகாது.

கிம்ப்பில் `Intersect with Selection` பெருக்குவதில்லை. இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்கிறது. ஒன்றை அதனோடேயே வெட்டினால் அதுவே திரும்ப வரும். பத்து முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் கிம்ப் பாடங்களில் வெட்டுவதற்குப் பதில் கழிக்கச் சொல்வார்கள். வெளுப்பு மாஸ்க்கிலிருந்து அதன் எதிர்மறையைக் கழித்தால் அடுத்த படி, மறுபடியும் கழித்தால் அதற்கடுத்த படி. கணக்காக எழுதினால்:

```
L - (1 - L)             = 2L - 1
(2L - 1) - (1 - L)      = 3L - 2
```

பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம். அதாவது முதல் கழித்தலிலேயே பாதிக்குக் கீழே உள்ள எல்லாப் புள்ளிகளும் அடியோடு போய்விடும். இரண்டாவதில் மூன்றில் இரண்டுக்குக் கீழே உள்ளவையும் போகும். நம் படத்தின் வலப்பக்கத்து மெல்லிய கோடு 65, அதாவது 0.25. தடித்த கோடே 106, அதாவது 0.42. ஒரே ஒரு கழித்தலில் வலப்பக்கம் முழுதும் வெறுங்கறுப்பாகிவிடும்.

மெல்லிய கோடு ஏன் மங்கலாக இருக்கிறது? அதே தாள், அதே வெள்ளைதானே? பள்ளம் குறுகலாக இருந்தால் ஓரங்களிலிருந்து மை கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். போதாததற்கு, ஓரத்துப் பிக்சல்கள் பாதி தாள் பாதி மை என்று சராசரியாகிவிடுகின்றன. 20 பிக்சல் கோட்டில் ஓரம் சின்னப் பங்கு, 6 பிக்சல் கோட்டில் ஓரம்தான் பெரும்பங்கு. ஆகவே வெளுப்பை மட்டும் வைத்துக் கூர்மையாக்கும் எந்த முறையும் முதலில் மெல்லிய கோட்டைத்தான் பலி வாங்கும்.

எனவே அந்த மாஸ்க் வரிசையே நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. மேலே உள்ள 2L − 1 என்பது `Levels` கருவியில் கறுப்பு எல்லையை 128இல் வைப்பதற்குச் சமம். 3L − 2 என்பது 170இல் வைப்பதற்குச் சமம். அதே வேலையை `Levels`இல் கண்ணால் பார்த்துக்கொண்டே, நமக்குத் தேவையான எண்ணில் நிறுத்தலாமே.

கழித்து வந்த படத்தை `New from Visible` என்று ஒரே அடுக்காக்கிக்கொண்டேன். `Levels` திறந்து கறுப்பு எல்லை 45, வெள்ளை எல்லை 110. திட்டுகள் 43 வரைதான் என்பதால் அவை போய்விடும். 65இல் நின்ற மெல்லிய கோடு 78க்கு ஏறும். இன்னும் மங்கல்தான். நடுவில் உள்ள காமா மதிப்பை 1.5 ஆக்கினால் அது 116க்கு வரும். வெள்ளை எல்லையை 110இல் வைத்ததால் இடப்பக்கத்துத் தடித்த கோடு வெட்டுப்படுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இது படமல்ல, மாஸ்க். தடித்த கோடு முழுக்கத் திறந்திருப்பதுதான் நமக்கு வேண்டும்.

`Threshold` கருவியை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். அது சாம்பலையே விட்டுவைக்காது. ஓரத்துச் சாம்பல்தான் ஆறு பிக்சல் கோட்டை ஆறு பிக்சலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வை ஏற்றியதும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் எந்தப் பிக்சலும் தேர்வாகவில்லை, ஓரக்கோடு தெரியாது என்று ஒரு எச்சரிக்கை வந்தால் வேலை கெட்டுவிட்டது என்று நினைத்து ரத்து செய்யாதீர்கள். தேர்வு இருக்கிறது, ஓடும் எறும்புக் கோடுதான் இல்லை. அந்தக் கோடு பாதி மதிப்பில் மட்டும் வரையப்படுவது. கிம்ப்பிலும் அந்தக் கோட்டை நம்பி, தேர்வில் எழுத்து விடுபட்டதாக முடிவு கட்டக்கூடாது. மாஸ்க்கையே திரையில் கொண்டுவந்து பாருங்கள்.

அறிகுறி: எழுத்தோடு கல்லின் சொரசொரப்பும் வெள்ளைப் புள்ளிகளாக வருகிறது

திட்டு வேறு, புள்ளி வேறு. திட்டு மங்கலானது, அதை `Levels` தீர்த்துவிட்டது. புள்ளி என்பது கல்லில் உள்ள சின்னக் குழி. அதற்குள்ளும் மை இறங்கவில்லை, எழுத்தைப் போலவே பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. எந்தச் சேனலிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எவ்வளவு வெளுப்பு என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வடிவம்.

குழி புள்ளியாக இருக்கும், எழுத்து கோடாக ஓடும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க மீண்டும் மீடியன் வடிகட்டிதான், இம்முறை சிறிய ஆரத்தோடு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. சதுர வடிவமும் `Percentile` 50உம் வைத்தால், சதுரத்தின் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால்தான் நடுப்புள்ளி வெள்ளையாகும். `Radius` 4 என்றால் சதுரம் 9க்கு 9, மொத்தம் 81 பிக்சல், பாதி 40. குழி 6க்கு 6 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 36, பாதியைத் தொடவில்லை, மறைந்துவிடும். அதே 6 பிக்சல் அகலக் கோடு அந்தச் சதுரத்தைக் கடந்து ஓடும்போது 54 பிக்சல் பிடிக்கும், தங்கிவிடும். அகலம் ஒன்றுதான், ஒன்று போகிறது, ஒன்று நிற்கிறது.

மங்கலாக்கும் காசியனை இங்கே வைத்தால் இரண்டும் சேர்ந்து மங்கும், ஒரு பயனும் இல்லை.

இதற்கும் விலை உண்டு. கோட்டின் நுனி இரண்டு பிக்சல் அளவு குட்டையாகும். கூர்மையான மூலைகள் மழுங்கும். சாய்ந்து ஓடும் கோட்டுக்குப் பாதுகாப்பு குறைவு. ஆரத்தை 6 ஆக்கினால் கணக்கு திரும்பிவிடும்: 169இல் பாதி 84, கோடு பிடிப்பது 78, கோடே போய்விடும். ஆகவே படம் முழுக்க ஒரே வடிகட்டி ஓட்டாமல், குழி நிறைந்த பகுதிகளைத் தேர்வு செய்து அங்கே மட்டும் ஓட்டுவேன். கோடு மெலிந்தால் `Percentile`ஐ 45 போலக் குறைக்கத் தோன்றும், ஆனால் அது தவறான திசை. அது இருட்டின் பக்கம் இழுக்கும். 55, 60 என்று கூட்ட வேண்டும். குழிகளும் கொஞ்சம் திரும்பி வரும், இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிறுத்துங்கள்.

கோடு மெலிந்துவிட்டதே என்று பிறகு `Dilate` போட்டுத் தடிப்பாக்குவோரும் உண்டு. ண, ன எழுத்துகளின் சுழிகளைப் பாருங்கள். தடித்ததும் உள்ளே உள்ள சின்னக் கறுப்பு அடைபட்டு, இரண்டு சுழி ஒரே கட்டியாகிவிடும். அழகான தடிப்பு வேண்டும் என்பதற்காக எழுத்தை மாற்றிவிடக்கூடாது.

அறிகுறி: வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் விளிம்பு

மாஸ்க் சரிதான், மாஸ்க் போட்ட அடுக்குதான் தவறு. மூலப் படத்தின்மேலேயே மாஸ்க் போட்டால், ஓரத்துப் பிக்சல் பாதி திறந்திருக்கும். திறந்த அந்தப் பாதியில் தெரியும் நிறமும் மையோடு கலந்த நிறம்தான். மை இரண்டு முறை கணக்கில் வருகிறது, விளிம்பாகத் தெரிகிறது.

மூலப் படத்தின் நிறம் நமக்குத் தேவையே இல்லை. புதிய அடுக்கு ஒன்றை ஒரே நிறத்தால் நிரப்புங்கள், படிப்பதற்கென்றால் கறுப்பு. அதற்குக் கறுப்பு மாஸ்க் சேர்த்து, நாம் தயாரித்த சாம்பல் படத்தை `Ctrl+A`, `Ctrl+C` என்று எடுத்து, மாஸ்க்கின்மேல் சொடுக்கி `Ctrl+V`, பின் `Ctrl+H` என்று பதியுங்கள். கீழே வெள்ளை அடுக்கு. கறுப்பு எழுத்து வெள்ளைப் பக்கத்தில் விளிம்பில்லாமல் நிற்கும். நிறத்தை மாற்ற வேண்டுமானால் அடுக்கை மறுபடி நிரப்பினால் போதும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் ஒரு புள்ளி மட்டும் எழுத்தா குழியா என்று தெரியவில்லை

பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, சிலவற்றில் வைத்திருப்பார்கள். எங்கள் படியின் மூன்றாவது வரியில் ஓர் எழுத்தின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆரம் 4 வைத்த வடிகட்டியில் அது தப்பிவிட்டது. 13 பிக்சல் விட்டம், அதாவது 2 மில்லிமீட்டர், சுற்றியுள்ள குழிகளைவிடப் பெரியது. ஆரத்தை 8 ஆக்கினால் அது போய்விடும், 7இல் நின்றால் தங்கும். அப்படியானால் அந்தப் புள்ளியை வைப்பதும் எடுப்பதும் கல் சொல்வதாக இல்லாமல் நான் எண்ணைத் திருப்புவதாக ஆகிவிடுகிறது. அதே காரணத்தால்தான் அறுந்த கோட்டை பிரஷ்ஷால் இணைப்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் காலத்து எழுத்தில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவம் ஒன்றே. நான் ‘இணைத்த’ ஒரு கோடு ஒரு சொல்லையே உண்டாக்கிவிடக்கூடும்.

குழுவில் மூத்தவரான தமிழாசிரியரிடம் படத்தைக் காட்டி, “ஐயா, இது புள்ளிதானே?” என்று கேட்டேன். அவர் மாஸ்க்கைப் பார்த்தார், மூலப் போட்டோவைப் பார்த்தார். “தம்பி, இந்த வரியில வேற எங்கயாவது புள்ளி இருக்கா?” என்றார். இல்லை. “அப்ப ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு வாங்க, போய்ப் பார்த்துடலாம்.”

மாலையில் வெளிச்சம் மங்கிய பிறகு போனோம். கல்லோடு ஒட்டினாற்போல டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, உளி வெட்டிய எழுத்துகளின் பள்ளங்களில் எல்லாம் ஒரு பக்க ஓரம் நேராக, நிழல் கூர்மையாக விழுந்தது. அந்தப் புள்ளியில் மட்டும் நிழல் ஒழுங்கற்றுக் கிடந்தது, ஓரம் பொரிந்திருந்தது. உளி படவில்லை, கல் தானாக உதிர்ந்த இடம். வீட்டுக்கு வந்து மாஸ்க்கில் அந்த ஒரு புள்ளியை மட்டும் கறுப்பால் மூடிவிட்டு, மூடியதைக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.